லோக்கல் மொரானும் அந்த வெளிர்நீல ஒன்றியங்களும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒவ்வோர் இடத்தின் மதிப்பையும் அதன் அண்டை இடங்களின் சராசரியோடு சேர்த்துப் பார்க்கும் கணக்கு லோக்கல் மொரான். ஒன்றியவாரி எழுத்தறிவு விகிதத்துக்கு அதை ஓட்டி, நண்பர் ஒருவர் வரைபடம் அனுப்பியிருந்தார். அதில் இரண்டு ஒன்றியங்கள் வெளிர்நீலம், அதாவது `Low-High`: ஒன்றியம் சராசரிக்குக் கீழே, அண்டை மேலே. "அக்கம்பக்கமெல்லாம் நன்றாக இருக்க, இந்த இரண்டும் ஒரே அளவுக்குப் பின்தங்கி இருக்கின்றன என்று எழுதிவிடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லத் தொடங்கியதுதான் இவ்வளவு நீண்டுவிட்டது.

ஜியோடா மென்பொருளிலும் பைசால் என்ற பைதான் நூலகத்திலும் இதை வருடக்கணக்கில் ஓட்டுகிறேன். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னை விடாமல் எரிச்சலூட்டுவது அந்த வெளிர்நீலம்தான்.

ஓர் உதாரணக் கணக்கு. எல்லா ஒன்றியங்களின் சராசரி 70, திட்டவிலக்கம் 8 என்று வைத்துக்கொள்வோம். நம் ஒன்றியத்தின் விகிதம் 58. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஐந்து ஒன்றியங்கள் 81, 78, 80, 77, 79. அவற்றின் சராசரி 79. தரப்படுத்தினால் நம்முடையது -1.5, அண்டையின் சராசரி 1.125. இரண்டையும் பெருக்கினால் வருவது ஏறத்தாழ -1.69. இதுதான் அந்த ஒன்றியத்தின் மொரான் மதிப்பு. உண்மையான விலகல், சந்தேகமே வேண்டாம்.

இப்போது 58 இருந்த இடத்தில் 69.5 வையுங்கள். அண்டை அதேதான். மொரான் மதிப்பு -0.07, கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் நிறம் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் p மதிப்பு ஏறக்குறைய மாறாது. நிறமும் அதே வெளிர்நீலம். காரணம், p கணக்கிடும் விதம். நம் ஒன்றியத்தின் மதிப்பை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, மற்ற மதிப்புகளைக் குலுக்கி அண்டை இடங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். ஆக அந்த p சொல்வது "இந்த அண்டையின் சராசரி தற்செயலாக இவ்வளவு உயருமா?" என்பதை மட்டும். நடுவில் உள்ள ஒன்றியம் எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கேள்வியே அங்கே இல்லை. சராசரிக்கு மேலா கீழா என்பது மட்டும் நிறத்தைத் தீர்மானிக்கிறது. அதே இடத்தில் 70.5 இருந்தால் சிவப்பு, `High-High`! ஒரே ஒரு சதவீதப் புள்ளியில் "பின்தங்கிய தீவு" முன்னேறிய கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறது.

அந்த 70 கூட நிலையான கோடு இல்லை. அது ஒன்றியங்களின் எளிய சராசரி. மக்கள்தொகை எடை அதில் கிடையாது. ஆய்வுப் பரப்பில் இன்னும் சில மாவட்டங்களைச் சேர்த்தால் கோடு நகரும், நிறமும் மாறும்.

அதனால் வரைபடத்தை மட்டும் பார்த்து நான் எதையும் எழுதுவதில்லை. மொரான் சிதறல் படத்தைப் பக்கத்தில் திறந்துகொள்வேன். அதில் சராசரியைக் குறிக்கும் செங்குத்துக் கோட்டை ஒட்டி நிற்கும் புள்ளிகளை நம்ப மாட்டேன். பைசாலில் என்றால் இப்படி:

```python
lm = Moran_Local(gdf["literacy"], w, permutations=9999, seed=7)
odd = (lm.q == 2) & (lm.p_sim < 0.01) & (lm.z < -1)
```

கடைசி நிபந்தனைதான் முக்கியம். -1 என்பது என் வசதிக்கான எல்லை, விதி அல்ல. 0.01-ஐயும் யோசித்துத்தான் வைத்தேன்: 400 ஒன்றியங்களைச் சோதிக்கும்போது, எந்த இடத்தொடர்பும் இல்லாவிட்டாலும், 0.05-இல் பல ஒன்றியங்கள் சும்மாவே நிறம் வாங்கிவிடும்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒருமுறை வேறு இடத்திலிருந்து வந்த அட்டவணையில் ஓர் ஒன்றியம் 68.6 என்று இருந்தது. சுற்றிலும் 78, 79. மொத்தச் சராசரியிலிருந்து விலகல் சின்னதுதான், ஆனாலும் வெளிர்நீலம் காட்டியது. தோண்டிப் பார்த்தால், மற்ற ஒன்றியங்களுக்கு இந்தியக் கணக்கெடுப்பு முறைப்படி 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களால் வகுத்திருக்கிறார்கள்; இதற்கு மட்டும் மொத்த மக்கள்தொகையால். அங்கே 0 முதல் 6 வயதுக் குழந்தைகள் 12 சதவீதம். 68.6-ஐ 0.88-ஆல் வகுத்தால் 78! பட்டியலை வரிசைப்படுத்திப் பார்த்தால் 68.6 யார் கண்ணிலும் பட்டிருக்காது, அதைவிடக் குறைந்தவை எத்தனையோ இருந்தன. அண்டையோடு ஒப்பிட்டதால்தான் அகப்பட்டது. மேலே நான் எழுதிய `lm.z < -1` அன்று இருந்திருந்தால் அதுவும் தப்பிப் போயிருக்கும்.

எனவே தரவைச் சரிபார்க்கும்போது அந்த நிபந்தனையை எடுத்துவிடுகிறேன், அறிக்கைக்கு முடிவு எழுதும்போது திரும்பப் போடுகிறேன். நண்பரின் இரண்டு ஒன்றியங்களில் ஒன்று கோட்டை ஒட்டியே நின்றது. அதன் வகுஎண்ணை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு இதைப் பரிந்துரைப்பேனா? புதிதாக எந்த எழுத்தறிவு அட்டவணை கைக்கு வந்தாலும் நான் முதலில் ஓட்டுவது இதைத்தான். ஆனால் நிதி ஒதுக்குபவர் மேசைக்கு அந்த நான்கு நிற வரைபடத்தை அனுப்ப மாட்டேன், 58-ஐயும் 69.5-ஐயும் ஒரே நிறத்தில் காட்டுகிற படத்தை வைத்துப் பணம் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.