முகம் மாறியும் நீறு மாறாமல் இருக்க: இரண்டு திருவிழாக் காலப் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களைப் படமெடுக்கும் சிறு குழுவாக, இரண்டு திருவிழாக் காலங்கள் முகமாற்ற மென்பொருளை வைத்து வேலை செய்திருக்கிறோம். பெரும்பாலும் பேஸ்ஃபியூஷன்தான், மாடல் `inswapper_128`. காவடி ஆடத் தெரியாத நடிகருக்காக ஆட்டக்காரர் ஒருவர் ஆடுவார். அந்த உடம்பில் நடிகரின் முகம் ஏற வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்ட குறும்பட வேலை இது. மென்பொருள் கண், மூக்கு, வாய் மூன்றையும் நன்றாகவே செய்கிறது. நெற்றியில்தான் ஏமாற்றுகிறது. திருநீறு பூசிய நெற்றியைத் தினமும் பார்த்து வளர்ந்த நம் ஆட்களின் கண் அந்த இடத்தை உடனே பிடித்துவிடும்.

ஏன் கெடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த மாடல் முகத்தை 128-க்கு 128 புள்ளிச் சதுரமாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. படத்தில் அந்தச் சதுரம் 900 புள்ளி அகலம் பிடித்தால், மாடலின் ஒரு புள்ளி படத்தின் ஏழு புள்ளிக்குச் சமம். 45 புள்ளி அகலமுள்ள குங்குமப் பொட்டு மாடலுக்கு ஆறு புள்ளிதான். 30 புள்ளி தடிப்புள்ள நீற்றுக் கோடு நாலே நாலு புள்ளி. நீற்றின் பொடித்தன்மை, விரல் ரேகை விட்ட நுண்ணிய இடைவெளி, காய்ந்து வெடித்த சந்தன ஓரம் எல்லாம் அதற்குள் அடங்காது. இன்னொன்று, அந்தச் சதுரம் நெற்றி முழுவதையும் ஒரே மாதிரி மாற்றுவதில்லை. கண்கள் சதுரத்தின் உயரத்தில் மேலிருந்து 40 சதவீதத்தில் அமர்கின்றன, புருவம் ஏறக்குறைய 30-இல் வருகிறது. சதுரத்தின் மேல் ஓரம் மங்கி அசலோடு கலந்துவிடுவதால், நெற்றியின் கீழ்ப்பகுதிதான் அதிகம் மாறுகிறது. மூன்று கோட்டில் அடிக்கோடு முழுக்க மாடலின் கையில், மேலே போகப் போக அசல் கலக்கும். அடிக்கோடு அதிகமாகச் சோப்பு தேய்த்ததுபோல வழவழவென்று தெரிவதற்கு இதுதான் காரணம்.

நடிகரின் படத்தில் திருநீறும் பொட்டும் வைத்துக் கொடுத்தால் அதுவும் சேர்ந்து வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. அந்தப் படத்திலிருந்து மாடல் எடுப்பது ஆள் அடையாளத்தைக் குறிக்கும் எண்வரிசை மட்டும்தான். நெற்றிக்குறி அதில் வருவதில்லை. நடிகரின் படம் வெறும் நெற்றியோடு, நேர் வெளிச்சத்தில் இருந்தால் போதும்.

எனவே எங்கள் வழி ஒன்றுதான்: நீற்றை மாடல் தொடவே கூடாது. ஆட்டக்காரரின் அசல் நெற்றி அப்படியே நிற்க, புருவத்திலிருந்து கீழே மட்டும் மாற வேண்டும். இது படப்பிடிப்புக்கு முன்பே, நீறு பூசும்போதே தொடங்குகிற வேலை. அடிக்கோட்டுக்கும் புருவத்துக்கும் இடையில் ஒரு விரல் அகலம் வெறும் தோல் விடச் சொல்லுங்கள். ஒட்டுப்போடும் இடம் அந்தத் தோலில் விழும், தோலில் விழுந்தால் மறைந்துவிடும். நீற்றின் மேல் விழுந்தால் எத்தனை மென்மையாக்கினாலும் தெரியும். சந்தனத்தையும் குங்குமத்தையும் புருவ மத்தியில் வைக்காமல், நடுக்கோட்டின் மேல் வையுங்கள். நெருக்கக் காட்சியில் நடிகருக்கும் அதே அளவு, அதே இடம். நீற்றைக் குழைத்துப் பூசினால் ஈரத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்து, காயக் காயத்தான் வெளுக்கும். ஆட்டக்காரருக்குக் காய்ந்த நீறும் நடிகருக்கு ஈர நீறுமாக எடுத்துவிட்டால் பின்னால் சரிசெய்ய வழியில்லை.

எட்டு வினாடிக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 25 பிரேம் என்றால் 200 பிரேம். கைப்பேசியில் எடுத்த காணொளியில் பிரேம் வேகம் சீராக இருக்காது. அதை முதலில் சீராக்காவிட்டால், பின்னால் அசலும் மாற்றியதும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. அதற்குப் பிறகுதான் முகமாற்றம்.

```
ffmpeg -i kavadi_raw.mp4 -vf fps=25 -c:v libx264 -crf 14 kavadi.mp4

python facefusion.py headless-run \
  -s nadigar.jpg -t kavadi.mp4 -o kavadi_swap.mp4 \
  --processors face_swapper \
  --face-swapper-model inswapper_128 \
  --face-mask-types box occlusion \
  --face-mask-padding 24 0 0 0 \
  --face-mask-blur 0.2
```

`--face-mask-padding` வரிசையில் முதல் எண் மேல் பக்கம். 24 என்றால் சதுரத்தின் மேல் 24 சதவீதம் மாறாமல் அசலாகவே நிற்கும். 30 வரை ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும். அங்கேதான் புருவம் தொடங்குகிறது. ஆட்டக்காரரின் தடித்த புருவம் மேலேயும் நடிகரின் மெல்லிய புருவம் கீழேயுமாக இரட்டைப் புருவம் தெரிய ஆரம்பிக்கும். `--face-mask-blur` சும்மா விட்டால் 0.3. அதில் ஓரம் அகலமாக மங்கி அடிக்கோட்டையும் தொடும், 0.2-இல் அந்த ஒரு விரல் தோலுக்குள்ளேயே அடங்கும். `occlusion` காவடியிலிருந்து தொங்கும் மயிலிறகு முகத்தைக் கடக்கும்போது கைகொடுக்கிறது. `region` முகமூடியைக் கைவிட்டுவிட்டோம். நீறு தடிப்பாக இருக்கும் நெற்றியை அது ஒரு பிரேமில் தோல் என்கிறது, அடுத்த பிரேமில் இல்லை என்கிறது. ஓட விட்டுப் பார்த்தால் நெற்றி மினுக் மினுக்கென்று துடிக்கும்.

அடுத்து வருவதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கும் இடம். மாற்றிய முகம் சற்று மங்கலாகத் தெரியும், உடனே `face_enhancer` என்ற மெருகேற்றியைச் சேர்க்கத் தோன்றும். அது வேறு சதுரம் எடுக்கிறது, 512 புள்ளி, நெற்றியின் பெரும்பகுதியும் அதற்குள் வருகிறது. நாங்கள் பயன்படுத்திய பதிப்புகளில் மேலே கொடுத்த 24 அதற்குப் பொருந்துவதும் இல்லை. முகமாற்றி விட்டுவைத்த நீற்றை இந்த மெருகேற்றி வந்து துடைத்துவிடும். சாதாரண முகங்களைப் பார்த்துப் பழகிய மாடல் அது. வெள்ளைக் கோட்டை நெற்றியின் பளபளப்பாக எடுத்துக்கொள்ளும், கோடுகளுக்கு இடையிலான இருட்டைச் சுருக்கமாக மாற்றும், சிறு பொட்டை மச்சமாக்கும். அதுவும் பிரேமுக்குப் பிரேம் வேறு மாதிரி. நீறு பளபளத்தால் சந்தேகமே வேண்டாம், மெருகேற்றியின் வேலைதான். நீறு வெறும் சாம்பல், ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும். வியர்வைத் தோல் மின்னும், அதன் மேல் கிடக்கும் நீறு மின்னாது. கண்ணுக்குத் தெளிவு தேவைப்பட்டால் மெருகேற்றியை ஓட்டிக்கொள்ளலாம், `--face-enhancer-blend` 40-க்கு மேல் வேண்டாம். ஆனால் அதற்குப் பின் நெற்றியைத் திரும்ப வைத்தே ஆக வேண்டும்.

திரும்ப வைப்பது எளிது. எடிட்டிங் மென்பொருளில் மாற்றிய காணொளியைக் கீழேயும் அசல் `kavadi.mp4`-ஐ மேலேயும் அடுக்குங்கள். மேல் அடுக்கில் நெற்றியை மட்டும் சுற்றி ஒரு மாஸ்க் வரைய வேண்டும்: கீழ் ஓரம் அந்த ஒரு விரல் தோலின் நடுவில், மேல் ஓரம் தலைமுடிக்குள். இரண்டும் ஒரே காட்சியின் பிரேம்கள் என்பதால் நீற்றைப் பிடித்து நகர்த்தும் வேலை இல்லை, மாஸ்க் மட்டும் தலையோடு போனால் போதும். வேறு படத்திலிருந்து வெட்டிய நீற்றை ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆட்டக்காரர் புருவத்தை உயர்த்தும்போது கோடு வளைவதும் நெற்றி மடிப்பில் நீறு விரிவதும் தானாகவே வந்துவிடும். ஒட்டிய நீறு ஸ்டிக்கர்போல விறைப்பாக நிற்கும்.

பொருந்தியதா என்று பார்க்க, மாஸ்க்கை அணைத்துவிட்டு மேல் அடுக்கின் கலப்பு முறையைச் சில நொடி `Difference`-க்கு மாற்றுங்கள். பின்னணியும் காவடியும் கறுப்பாகிவிட வேண்டும். காவடி ஓரங்கள் வெள்ளைக் கீற்றாக ஒளிர்ந்தால் ஒரு பிரேம் தள்ளி நிற்கிறது என்று பொருள். எட்டு வினாடியின் தொடக்கம், நடு, கடைசி மூன்றிலும் பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் நழுவினால், பிரேம் வேகத்தைச் சீராக்கிய அந்த முதல் படி விட்டுப்போயிருக்கும்.

இனி நிறம். நடிகர் சற்று வெளுப்பு, ஆட்டக்காரர் வெயிலில் கறுத்தவர் என்றால் புருவத்துக்கு மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமும் வரும். இங்கே கீழ்முகத்தை மட்டும் மேல்நெற்றிக்கு ஏற்பத் திருத்துங்கள். நெற்றியைத் தொட்டால் நீற்றின் வெள்ளை மாறும். நீல நிறக் கூடாரத்தின் கீழ் எடுத்த காட்சியில் நீறு இலேசான நீலம் பிடித்திருக்கும், செம்பனை நிழலில் பச்சை. அது பிழை அல்ல, அங்கே அந்த வெளிச்சத்தில் நீறு அப்படித்தான் இருந்தது. தூய வெள்ளையாக்கினால் மற்ற பக்தர்களின் நெற்றியோடு ஒத்துப்போகாமல் இவர் மட்டும் தனித்துத் தெரிவார். கடைசியாகக் கீழ்முகத்தில் கொஞ்சம் கிரெய்ன் எனப்படும் நுண்மணி சேர்க்க வேண்டும். அசல் நெற்றியில் கேமராவின் மணித்தன்மை இருக்கும், மாற்றிய முகம் மெழுகாக இருக்கும். அதைச் சமப்படுத்தாமல் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

அடிக்கடி மறந்துபோகும் ஒன்று மூக்கு. குங்குமம் வைத்தவரின் மூக்குத் தண்டில் சிவப்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். வியர்வை நீற்றைக் கரைத்து ஒரு வெள்ளைக் கோடாகப் புருவம் தாண்டி இறங்கியிருக்கும். முகமாற்றி இரண்டையும் அழித்துவிடும். நெற்றியில் வழியும் வியர்வைக் கோடு புருவத்தோடு வெட்டுப்பட்டு நிற்பது நெருக்கக் காட்சியில் கண்ணை உறுத்தும். மூக்குத் தண்டில் இன்னொரு சிறு மாஸ்க் போட்டு அசலை 50 முதல் 60 சதவீதம் கலந்தால் தூளும் ஈரமும் திரும்பி வரும், மூக்கின் வடிவம் நடிகருடையதாகவே இருக்கும். மூக்கின் நுனிவரை மாஸ்க் இறங்கினால் ஆள் மாறிவிடுவார்.

புரட்டாசிக் காட்சிகளுக்கு இதே வழி பாதிதான் செல்லும். வடகலை நாமம் புருவ மத்தியில் வளைந்து முடிந்துவிடுகிறது, மாஸ்க்கை அங்கே ஒரு நாக்குபோல இறக்கினால் சமாளிக்கலாம். தென்கலை நாமத்தின் பாதம் மூக்கின் மேல் இறங்குகிறது, மாடல் அதிகமாக மாற்றும் இடமே அதுதான். 60 சதவீதக் கலப்பில் பாதம் வெளிறித் தெரியும், முழுக்கக் கலந்தால் மூக்கு ஆட்டக்காரருடையதாகும். பாதத்தின் வடிவத்தை மட்டும் வெட்டி, ஓரத்தை இரண்டு மூன்று புள்ளி மட்டும் மென்மையாக்கி, முழு அடர்த்தியில் வைப்பதே ஓரளவு நிற்கிறது. அதுவும் முகம் நேராக இருக்கும் காட்சிகளில்தான். பக்கவாட்டில் திரும்பினால் மூக்குத் தண்டின் விளிம்பு விலகிப் பாதம் காற்றில் தொங்கும்.

காளி வேடம், புலி வேடம்போல முகம் முழுக்க வண்ணம் பூசியவர்கள்மேல் முகமாற்றம் செய்வதை விட்டுவிட்டோம். வண்ணத்தின் கோடுகளே மூக்கும் கன்னமும் எங்கே என்பதைக் காட்டுகின்றன. அவற்றை எடுத்தால் வேடம் போகும், வைத்தால் நடிகரின் முகம் தெரியாது. அந்தக் காட்சிகளில் நடிகருக்கே வண்ணம் பூசி நெருக்கத்தில் எடுக்கிறோம், ஆட்டத்தை ஆட்டக்காரரின் முதுகுப் பக்கமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.