28 மில்லிமீட்டர் சிறுநீரகக் கல்: முதுகு வழியா, சிறுநீர்ப்பாதை வழியா?

சிறுநீரகக் கல் 20 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் பிசிஎன்எல் எனப்படும், முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் அறுவைச் சிகிச்சையையே மருத்துவர்கள் பொதுவாக முதலில் பரிந்துரைக்கிறார்கள். எனக்கும் அதையே சொன்னார்கள். ஆனால் சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் என் மைத்துனர், தமக்கு இருந்த 12 மில்லிமீட்டர் கல்லைச் சிறுநீர்ப்பாதை வழியாக லேசர் கொண்டு உடைத்து மறுநாளே வீடு திரும்பியவர். உடம்பில் கத்தியே படாத வழி இருக்கும்போது முதுகில் ஏன் துளையிட வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்து நான் பிசிஎன்எல் முறையையே தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய கற்களுக்கு அது நல்ல வழி. பெரிய கல்லை அப்படி உடைத்தால் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுநீர்க்குழாயில் இறங்கி அடைத்துக்கொள்ளும். சிறுநீரகத்தின் கீழறையில் இருக்கும் துண்டுகளோ புவியீர்ப்புக்கு எதிராக மேலேறி வெளியேறுவதே கடினம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். ஆர்ஐஆர்எஸ் முறையில் வளைந்துகொடுக்கும் மெல்லிய கருவியைச் சிறுநீர்ப்பை வழியாக மேலே செலுத்தி, கல்லை லேசரால் பொடியாக்குகிறார்கள். பிசிஎன்எல் முறையில் முதலில் சிறுநீர்ப்பை வழியாக ஒரு மெல்லிய குழாயை மேலேற்றிச் சாயநீரால் சிறுநீரகத்தின் அறைகளை நிரப்புகிறார்கள். பிறகு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து (பக்கவாட்டில் சற்றுத் திருப்பி மல்லாந்த நிலையிலும் செய்வதுண்டு) எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் உதவியோடு முதுகிலிருந்து ஓர் ஊசியை ஏதேனும் ஓர் அறையின் நுனி வழியாகச் செலுத்துகிறார்கள். பெரிய ரத்தநாளங்கள் சிறுநீரகத்தின் நடுப்பகுதியை ஒட்டி ஓடுவதால், நேராக அங்கே குத்தாமல் நுனி வழியாகச் செல்வதே பாதுகாப்பானது. ஊசி வழியே கம்பியை விட்டு, அதன் மேல் துளையை மெல்ல அகலப்படுத்தி, ஓர் உறையைப் பொருத்துவார்கள். வழக்கமான உறையின் அகலம் 8 முதல் 10 மில்லிமீட்டர். 'மினி' வகையில் சுமார் 5 முதல் 7. அதன் வழியே கல்லை உடைத்து உறிஞ்சியோ, துண்டு துண்டாகவோ வெளியே எடுக்கிறார்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது கல்லின் கன அளவு. ஸ்கேன் அறிக்கையில் பெரும்பாலும் நம் கண்ணில் படுவது நீளம் மட்டுமே. 28-ஐயும் 12-ஐயும் அருகருகே வைத்தால் இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டியதாகவே தோன்றும். ஆனால் என் கல் 28 மில்லிமீட்டர் நீளமும் 20 அகலமும் 16 தடிமனும் கொண்டது. மூன்றையும் பெருக்கினால் 8,960 வருகிறது. மைத்துனரின் கல்லை எல்லாப் பக்கமும் 12 என்றே வைத்துக்கொண்டாலும் 1,728 தான். அப்படியானால் உடைத்து அகற்ற வேண்டிய பொருள் ஐந்து மடங்குக்கும் மேல். லேசர் கல்லின் நீளத்தை அல்ல, இந்தக் கன அளவைத்தான் தின்று தீர்க்க வேண்டும். அதன் பின் அந்தப் பொடி முழுவதும் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள பாதை வழியாக வெளியேற வேண்டும்.

நேரம் நீளும்போது ஆபத்தும் கூடுகிறது. பார்வை தெளிவாக இருக்க ஆர்ஐஆர்எஸ் முறையில் இடைவிடாமல் நீரைச் செலுத்துகிறார்கள். அந்த நீர் திரும்பி வரும் வழி குறுகலாக இருப்பதால் சிறுநீரகத்துக்குள் அழுத்தம் ஏறி, கல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலக்க வாய்ப்பு உண்டாகிறது. இதனாலேயே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாமல் நிறுத்திவிட்டு, மிச்சத்தை இன்னொரு முறைக்கு ஒத்திவைப்பது வழக்கம். இரண்டு முறைக்கும் நடுவே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் உள்ளேயே இருக்கும். அடிக்கடி சிறுநீர் முட்டுவதும், கழிக்கும்போது விலாவில் இழுத்துப் பிடிப்பதும் அது உள்ளவரை தொடரலாம். இரண்டாம் முறைக்கு மறுபடியும் மயக்க மருந்து, விடுப்பு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்கான படிவம், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியில் நம் பங்காகக் கட்ட வேண்டிய இணைக் காப்புத்தொகை எல்லாம் உண்டு. 'மறுநாளே வீடு' என்பதை இரண்டால் பெருக்கிப் பார்த்தபோது எனக்கு அது அவ்வளவு கவர்ச்சியாகத் தெரியவில்லை.

பிசிஎன்எல் அபாயம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே தடவையில் வரும் அபாயம் இதில்தான் கூடுதல். பத்தில் ஒருவருக்காவது காய்ச்சல் வருகிறது. அதனால்தான் முன்கூட்டியே சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, தொற்று இருந்தால் தீர்த்துவிட்டே தேதி தருகிறார்கள். நூற்றில் சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். விலா எலும்புக்கு மேலே துளையிட நேர்ந்தால் நுரையீரலைச் சூழ்ந்த உறையில் காயம் படலாம். மூச்சுத்திணறல் அதன் அறிகுறி. பெருங்குடல் காயப்படுவது மிக அரிது.

நான் அதிகம் கவலைப்பட்டது தாமதமாக வரும் ரத்தப்போக்கைப் பற்றித்தான். துளையிட்ட பாதையில் காயம்பட்ட ஒரு தமனி மெல்லிய சுவரோடு புடைத்து நின்று, வீடு திரும்பிய பிறகு முதல் சில வாரங்களுக்குள் வெடிக்கலாம். முதல் நாள்களில் சிறுநீர் ரோஜா நிறத்தில் இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் வெளிற வேண்டும். வெளிறித் தெளிந்த சிறுநீர் திடீரென்று பளீர்ச் சிவப்பாகிக் கட்டிகளோடு வந்தால், மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தொடையிடுக்கிலிருந்து மெல்லிய குழாயைச் செலுத்தி அந்தத் தமனியை அடைத்துவிடுவார்கள். இந்நிலை வருவது நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் என்றாலும், அறிகுறியை வீட்டிலுள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

குணமடைதலில் முதல் வாரம் ஆர்ஐஆர்எஸ் முறைக்கே சாதகம். பிசிஎன்எல் முடிந்ததும் சிறுநீரை வெளியேற்ற முதுகில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். அதை எடுத்த பிறகு துளையிலிருந்து ஓரிரு நாள் சிறுநீர் கசிந்து கட்டு நனைவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கசிவு அதற்கு மேலும் நீடித்தால் கீழே அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு ஆழ்ந்து மூச்சு விடும்போது வலித்தது. கனமான பொருளைத் தூக்குவதற்குச் சில வாரத் தடை உண்டு. சந்தைப் பையும் அதில் சேர்த்தி. ஸ்டென்ட் வைத்திருந்தால் அதை எடுக்கும் நாளைத் தவறவிடக்கூடாது. மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படியும்.

எல்லாருக்கும் என் முடிவு பொருந்தாது. ரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மருந்தைச் சில நாள்கூட நிறுத்த முடியாத இதய நோயாளிக்கு, இரண்டு மூன்று தடவை ஆனாலும் ஆர்ஐஆர்எஸ் முறையே பாதுகாப்பானது. கல் 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நானும் மைத்துனர் பக்கமே நின்றிருப்பேன். பொடியை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்கும் புதுவகை உறைகள் வந்திருப்பதால் இந்த எல்லைக்கோடு இன்னும் மேலே நகரலாம். மினி வகையைப் பொறுத்தவரை, துளை சிறிதானால் ரத்தப்போக்கு குறையும், நேரம் கூடும் என்பது பொது விதி; நான் செய்துகொண்டது வழக்கமான அகலத்தில் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

பின்னர் எடுத்த ஸ்கேனில் கீழறையில் 3 மில்லிமீட்டர் துணுக்கு ஒன்று மிஞ்சியிருந்தது. வெளியே எடுத்த துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில் கல் கால்சியம் ஆக்ஸலேட் வகை என்று தெரிந்தது. துணுக்கை இப்போதைக்குத் தொட வேண்டாம், நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடித்து, உப்பைக் குறைத்து, அல்ட்ராசவுண்டில் கவனித்து வரலாம் என்று மருத்துவர் சொன்னார்.