ஆவி பிடிப்பதும் உப்புநீரில் மூக்கு கழுவுவதும்: ஏழு வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பகுதியில் வேலை. துணி அடுக்கி வெட்டும் இடத்தில் பஞ்சுத் தூசி எப்போதும் மிதந்துகொண்டேயிருக்கும். கார்த்திகை, மார்கழிப் பனியும் சேர்ந்துகொண்டால் எனக்கு மூக்கு அடைத்துவிடும். இரண்டாம் நாள் காலையில் இரு புருவங்களுக்கும் மேலே பாரம் ஏறும். செருப்பு மாட்டக் குனிந்தால் அந்த வலி கண்ணுக்குள் இறங்கும். அம்மிச்சி இதைத் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்பார். ஏழு வருடமாக இதற்கு ஆவி பிடிக்கிறேன், ஐந்து வருடமாக மூக்கும் கழுவுகிறேன். இரண்டையும் முதலில் தப்பாகத்தான் செய்தேன்.

ஆவி பிடித்தால் தலைபாரம் குறைவது உண்மை. ஆனால் எனக்கு அது ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான் நிற்கிறது. அப்புறம் மூக்கு பழையபடி அடைத்துக்கொள்ளும். இது என் உடம்பு வாகு என்றுதான் நினைத்திருந்தேன். அடிக்கடி சைனஸ் தொந்தரவு வரும் 871 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் கனடாவின் மருத்துவச் சங்க இதழில் வந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது, மற்றபடி பெரிய பலன் இல்லை. உப்புநீரில் மூக்கு கழுவியவர்களுக்கு அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. என் அனுபவமும் கிட்டத்தட்ட இதேதான். ஆவி கட்டிச்சளியை இளக்கி, அந்த நேரத்துக்கு இதமாக இருக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் தூசியையும் சளியையும் வெளியே கொண்டுவருவது தண்ணீர்தான்.

முதலில் சூடுபட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பரில் ஒரு ராத்திரி, கொதித்த தண்ணீரைக் குண்டாவோடு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையை மூடிக்கொண்டேன். போர்வையின் நுனி தரையில் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. சார்ஜர் எடுக்க ஓடிவந்த பையன் அதை மிதித்தான், ஸ்டூல் சாய்ந்தது. தண்ணீர் முழுவதும் என் வலது தொடையில். லுங்கி சூட்டோடு தோலில் ஒட்டிக்கொண்டு நின்றதுதான் கொடுமை. பக்கத்து வீட்டுக்காரர் பேஸ்ட் தடவச் சொன்னார், தடவினோம். உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள். தடவிய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்தபோது பட்ட வலி தண்ணீர் கொட்டியபோது பட்டதைவிட அதிகம்.

ஆவி பிடிக்கும்போது முகத்தில் அனல் அடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பெரிய காயங்கள் வருவது பாத்திரம் கவிழ்ந்துதான். வயிறு, தொடை, இடுப்புக்குக் கீழே. 60 டிகிரி சூட்டுத் தண்ணீரே ஐந்து நொடியில் பெரியவர்களின் தோலை ஆழமாகப் புண்ணாக்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிப் பத்து நிமிடம் ஆன தண்ணீரைக்கூட நம்ப முடியாது. குழந்தைகளின் தோல் மெல்லியது, அவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கொட்டிவிட்டால் உடனே துணியைக் கழற்றி (தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்கக் கூடாது), குழாய்த் தண்ணீரைப் புண் மேல் 20 நிமிடம் ஓடவிட வேண்டும். ஐஸ், பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். அப்புறம் ஆஸ்பத்திரி.

இப்போது நான் செய்வது வேறு மாதிரி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடுகிறேன். வாய் அகலமான கனத்த பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை. அந்தப் பாத்திரத்தைப் பெரிய அலுமினிய அண்டாவுக்குள் இறக்கி, சுவரை ஒட்டிப் போட்ட சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்கிறேன். கவிழ்ந்தாலும் தண்ணீர் அண்டாவுக்குள்தான் விழும். மடியிலும் கட்டிலிலும் ஸ்டூலிலும் இனி கிடையாது. போர்வைக்குப் பதில் ஒரு துண்டு, தலையையும் தோளையும் மூடும் அளவுக்கு மட்டும். முகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் இழுக்க வேண்டும். ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. கன்னம் சுள்ளென்றால் அதைத் தாங்கிக்கொள்வது வீரம் இல்லை, தலையை மேலே தூக்க வேண்டும்.

நொச்சி இலை கிடைத்தால் ஒரு கைப்பிடி போடுவேன், வாசனை பிடிக்கும் என்பதற்காக. தைலம், கற்பூரம் போடுவதை நிறுத்திவிட்டேன். கண் எரிந்தது, மூச்சு திறந்த மாதிரி ஒரு உணர்வு வந்ததே தவிர அடைப்பு அப்படியேதான் இருந்தது. குழந்தைகள் பக்கத்தில் கற்பூரம் கூடவே கூடாது, உள்ளே போனால் வலிப்பு வரும். என் பையனுக்கு ஆவி பிடிப்பதே இல்லை. அம்மிச்சி மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், "ஏஞ் சாமி, கொஞ்சம் வேது புடிச்சுவுட்டா என்ன கொறஞ்சு போச்சு?" என்று. என் தொடைத் தழும்பைக் காட்டுவேன்.

மின்சார ஆவிக் கருவியும் ஒன்று வாங்கினேன். கவிழும் பயம் குறைவு, ஆனால் கோடு தாண்டித் தண்ணீர் ஊற்றினால் கொதிநீர்த் துளியைத் துப்புகிறது. தண்ணீர் சேர்ப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

மூக்கு கழுவும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் வெறும் குழாய்த் தண்ணீரில் செய்தேன். நெற்றிக்குள் யாரோ ஊசி ஏற்றிய மாதிரி எரிந்தது. உப்பு இல்லாத தண்ணீர் மூக்கின் உள்தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. மறுநாள் கண்ணளவில் உப்பை அள்ளிப் போட்டேன், அதுவும் எரிந்தது. நம் உடம்பின் நீரில் இருக்கும் உப்பின் அளவுக்கு, அதாவது லிட்டருக்கு 9 கிராம், வைத்தால் எரிவதில்லை. அரை லிட்டருக்குத் தூள் உப்பு என்றால் சமன் செய்த டீஸ்பூனில் முக்கால். நான் சமையலறைத் தராசில் 9 கிராம் நிறுத்து ஒரு லிட்டருக்குப் போடுகிறேன், சிட்டிகை சமையல் சோடாவோடு. அயோடின் உப்பு சிலருக்கு எரியும், எனக்கு எரிந்தது. அயோடின் சேர்க்காத உப்பு கிடைக்காதவர்கள் மருந்துக்கடைப் பொட்டலத்தையே வாங்கலாம், அளவும் கச்சிதமாக இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் இரண்டு பேர், குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவி, நெக்லேரியா என்னும் அமீபா மூளையைத் தாக்கி இறந்துபோனார்கள். கேரளத்தில் 2024இலும் 2025இலும் பரவலாகப் பேசப்பட்ட மூளைக்காய்ச்சலும் இந்த வகை அமீபாக்களால் வந்ததுதான். குடித்தால் வயிற்றின் அமிலம் நெக்லேரியாவைக் கொன்றுவிடும், மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. வடிகட்டிய தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் நம்ப வேண்டாம். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைக்க வேண்டும். ஊட்டி மாதிரி உயரமான இடம் என்றால் மூன்று நிமிடம், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ராத்திரியே கொதிக்கவைத்துவிடுகிறேன், மிச்சத்தை ஒரு நாளுக்கு மேல் வைப்பதில்லை. கையில் விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது.

எனக்கு அமுக்கும் பாட்டில் பழகிவிட்டது, 240 மில்லி பிடிக்கும். வாஷ்பேசின் மேல் நன்றாகக் குனிந்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மேல் துவாரத்தில் பாட்டிலை வைத்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டபடி மெல்ல அமுக்கினால் தண்ணீர் கீழ்த் துவாரம் வழியாக வரும். தொண்டைக்கு இறங்கினால் "க்க்க்" என்று தொடர்ந்து சத்தம் கொடுக்க வேண்டும், அண்ணத்தின் பின்பகுதி மேலே ஏறி வழியை அடைத்துவிடும். நெற்றியைத் தூக்கினால் தொண்டைக்குப் போகும், தாடையைத் தூக்கினால் புருவத்துக்குள் ஏறி வலிக்கும். பாதி பாட்டில் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

முடிந்ததும் இரண்டு துவாரத்தையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தியதால் இரண்டு நாள் காது கும்மென்று இருந்தது. தண்ணீர் காதுக் குழாய்க்குள் ஏறியிருந்தது. இப்போது எதையும் பொத்தாமல் மெல்லச் சிந்துகிறேன். அப்புறம் தரையைப் பார்த்துக் குனிந்து தலையை இடதும் வலதுமாகச் சாய்த்து ஒரு நிமிடம் நிற்கிறேன். இதைச் செய்யாமல் ஒருமுறை முகூர்த்த வீட்டில் சாம்பார் பரிமாறக் குனிந்தேன். என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். மூக்கு முற்றிலும் அடைத்திருந்தால் கழுவுவதே இல்லை, முதலில் ஆவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவல். காது வலி இருக்கும்போதும் தொடுவதில்லை. பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

கடைசியாக, அடைப்பைத் திறக்கும் சொட்டுமருந்து. இரண்டாம் வருடம் அதில் மாட்டிக்கொண்டேன். ஐந்து நாளைக்குத்தான் அது, நான் ஐந்து வாரம் போட்டேன். மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், மறுபடி போடத் தோன்றும். விடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உப்புநீரில் அந்தப் பிரச்சினை இல்லை.

இவ்வளவும் மூக்கடைப்பால் வரும் தலைவலிக்கு. என் மனைவியும் சைனஸ் என்று சொல்லி மூன்று வருடம் ஆவி பிடித்தாள், குறையவே இல்லை. அவளுக்கு வாந்தி வரும், வெளிச்சம் ஆகாது, ஒரு பக்கம் விண்விண்ணென்று துடிக்கும். மூக்கிலிருந்து வருவதும் வெறும் தண்ணீர்தான், கெட்டியான மஞ்சள் சளி இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் அது ஒற்றைத் தலைவலி என்றார். அதிலும் மூக்கு ஒழுகுமாம், அதனால்தான் பலர் சைனஸ் என்று நினைத்துக்கொள்கிறார்களாம். சளி பத்து நாளைத் தாண்டினாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். அவள் மாத்திரை மாற்றிய பிறகு அண்டாப் பக்கம் வருவதில்லை. காலை ஆறரைக்கு வாஷ்பேசின் முன்னால் "க்க்க்" என்று நிற்பது நான் ஒருவன்தான்.