டிஸ்க் திடீரென மறைகிறதா: அழுத்திவிடுவதா, நேர் கேபிளா, எல் கேபிளா?

என் மேசைக் கணினியில் இருந்த 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாரத்துக்கு இரண்டு முறையாவது தானாக மறைந்துவிடும். கேபினட்டைத் திறந்து வைத்தால் நாள் முழுக்க நன்றாக ஓடும், பக்கவாட்டுத் தகட்டை மூடினால் சில மணி நேரத்தில் போய்விடும். டிஸ்க் சாகப்போகிறது என்று புதிது வாங்கும் முன், முதலில் பேக்கப் எடுத்துவிட்டு, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கில் இந்த எண்களைப் பார்த்தேன்:

```
sudo smartctl -A /dev/sdb | grep -E "^ *(5|12|197|199) "
```

5, 197 இரண்டும் பூஜ்ஜியம். அதாவது தட்டில் கெட்ட செக்டார் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் 199, அதாவது `UDMA_CRC_Error_Count`, 26 ஆக இருந்தது. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு சிதைந்து போனதை எண்ணும் கணக்கு அது. ஏறுமே தவிர இறங்காது, அதனால் இன்றைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு நாளைக்கு ஏறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ வைத்திருப்பவர்கள் `C7` என்ற வரியைப் பாருங்கள். அதில் எண் வழக்கமாகப் பதினாறடிமானத்தில் இருக்கும், `1A` என்றால் 26.

சரி, கேபிள்தான் என்று தெரிந்தபின் என்ன செய்வது?

செலவே இல்லாத வழி, கணினியை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கி, பழைய கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுவது. வெறும் தளர்வு என்றால் இது போதும். எனக்கு மூன்று நாள் தாங்கியது, அப்புறம் 199 முப்பத்தொன்று ஆனது. காரணம், கேபிள் தளர்ந்து மட்டும் இல்லை, முனையை ஒட்டிய இடத்தில் மடிந்தும் போயிருந்தது. சாட்டா கேபிளுக்குள் இரண்டு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன, ஒவ்வொரு ஜோடியிலும் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கடைசிவரை சீராக இருந்தால்தான் நொடிக்கு 6 கிகாபிட் வேகத்தில் சிக்னல் கெடாமல் போகும். ஒருமுறை கூர்மையாக மடித்துவிட்டால் அந்த இடைவெளி குலைந்துவிடும், நிமிர்த்தினாலும் பழையபடி வராது. மடிந்த கேபிளைத் திரும்பச் செருகிப் பார்ப்பது நேர விரயம்.

அடுத்தது, உலோகக் கிளிப் வைத்த புது நேர் கேபிள். டிஸ்குக்குப் பின்னால் தாராளமாக இடம் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். கிளிக் என்று பிடிக்கும், அதிர்வுக்கு நழுவாது. ஆனால் சில டிஸ்குகளில் அந்தக் கிளிப் மாட்டிக்கொள்ளும் விளிம்பே இருக்காது, அங்கே கிளிப் இருந்தும் பயனில்லை. செருகியபின் லேசாக இழுத்துப் பார்த்துவிடுங்கள். என் கேபினட்டில் இதுவும் தோற்றது. டிஸ்க் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, அதன் பின்புறத்துக்கும் தகட்டுக்கும் இரண்டு விரல் இடம்கூட இல்லை. தகட்டை மூடினால் புது கேபிளும் அதே இடத்தில் மடிந்தது.

எனக்கு உதவியது முனை எல் வடிவில் வளைந்த கேபிள். தகட்டுக்கு இணையாகவே போய்விடுவதால் எதுவும் அழுத்தாது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: செருகும் வாயே எல் வடிவத்தில் இருப்பதால் கேபிளைத் திருப்பிப் போட முடியாது, எனவே அது வளைகிற திசை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. தவறான திசை வந்தால் பக்கத்து டிஸ்கிலோ பவர் இணைப்பிலோ முட்டும். நீளமும் தேவைக்கு மேல் வேண்டாம், 50 செ.மீ. போதும் என்ற இடத்தில் 1 மீட்டர் வாங்கினால் மிச்சத்தைச் சுருட்டி அமுக்கத்தான் வேண்டியிருக்கும், அங்கே மறுபடி மடிப்பு விழும்.

லினக்ஸின் பூட் வரியில் `libata.force=3.0G` போட்டு சாட்டா வேகத்தைப் பாதியாகக் குறைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஹார்ட் டிஸ்குக்கு வேக இழப்பு தெரியாது, எஸ்எஸ்டிக்கு நன்றாகவே தெரியும். புது கேபிள் கைக்கு வரும்வரை ஓட்டலாம், அவ்வளவுதான். தளர்ந்த முனைக்கு இது எதுவும் செய்யாது.

இதில் எதை வாங்கும் முன்பும் 12-ஆம் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். அது டிஸ்குக்கு மின்சாரம் எத்தனை முறை வந்தது என்ற கணக்கு. கணினியை அணைக்காமலே அது ஏறியிருந்தால், அல்லது மறையும் நேரத்தில் டிஸ்க் நின்று மீண்டும் சுழலும் சத்தம் கேட்டால், தளர்ந்திருப்பது பக்கத்தில் இருக்கும் பவர் இணைப்பு. டேட்டா கேபிள் மட்டும் விலகினால் டிஸ்க் பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருக்கும். எனக்கு 12 ஏறவில்லை. எல் கேபிள் போட்டு, தகட்டை மூடி, 200 ஜிபி நகலெடுத்துப் பார்த்தேன். 199 இன்றுவரை 31-ஐத் தாண்டவில்லை.