முன்பணம் கேட்கும் லோன் கடிதம்: அசலையும் போலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

"லோன் கொடுப்பதற்கு முன்னால் எந்த வங்கியும் ஒரு ரூபாய்கூடக் கேட்காது" என்று அடிக்கடி சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் உண்மை. வீட்டுக் கடன் வாங்கியவர்களைக் கேளுங்கள்: விண்ணப்பம் கொடுத்த அன்றே லாகின் ஃபீஸ் கட்டியிருப்பார்கள், பத்திரத்தை வக்கீல் பார்த்ததற்கும் வீட்டை இன்ஜினியர் மதிப்பிட்டதற்கும் கையிலிருந்து கொடுத்திருப்பார்கள். போலி ஆசாமிக்கும் இது தெரியும். நீங்கள் தயங்கினால் அவனே எடுத்துக் கொடுப்பான்: "ஹோம் லோனுக்கு பேங்க்ல முன்னாடியே வாங்கறாங்களே சார், இதுவும் அதே மாதிரிதான்." அந்த இடத்தில்தான் பலர் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள்.

அதனால் இரண்டு கடிதங்களை ஒப்பிட்டால் போதாது, மூன்று வேண்டும். ஒன்று, வங்கி கொடுக்கும் பர்சனல் லோன் சாங்ஷன் லெட்டர். இரண்டாவது, முன்பணம் உண்மையிலேயே வாங்கப்படும் வீட்டுக் கடன். மூன்றாவது, வாட்ஸ்அப்பில் வரும் போலி. தொகைகள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. போலிக் கடிதத்தின் வாசகங்கள் மட்டும் இப்போது புழக்கத்தில் இருக்கும் பாணிதான்.

மூன்று லட்சம், இரண்டு கடிதங்கள்

முதலில் அசல் பர்சனல் லோன். தொகை 3,00,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம், 36 மாதம். மாதத் தவணை சுமார் 10,253 ரூபாய். ப்ராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம், அதாவது 6,000. அந்த 6,000 மீது மட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி., 1,080. இரண்டையும் கழித்துக்கொண்டு உங்கள் கணக்கில் விழுவது 2,92,920 ரூபாய். நீங்கள் தனியாக யாருக்கும் எதுவும் அனுப்புவதில்லை. பர்சனல் லோனில் இதுதான் வழக்கமான நடைமுறை.

இதனோடு ஒரு தாள் வர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் கொடுப்பது ரிசர்வ் வங்கி விதிப்படி கட்டாயம். வங்கி ஆட்கள் இதை கே.எஃப்.எஸ். என்பார்கள். கட்டணங்களையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான ஆண்டுச் செலவு எவ்வளவு என்பது அதில் இருக்கும். மேலே சொன்ன கடனுக்கு அது 14 அல்ல, ஏறக்குறைய 15.7 சதவீதம். ஒவ்வொரு கட்டணமும் தனித்தனி வரியாக இருக்கும், இன்சூரன்ஸ், மதிப்பீட்டுக் கட்டணம் உட்பட. அந்தப் பட்டியலில் இரண்டே தலைப்புகள்தான்: கடன் தரும் நிறுவனத்துக்குப் போவது, நிறுவனத்தின் வழியாக வேறொருவருக்குப் போவது. "மேனேஜரின் கூகுள் பே நம்பருக்கு" என்று மூன்றாவது தலைப்பு கிடையாது. தாளில் இல்லாத கட்டணத்தைப் பிறகு வசூலிக்க வேண்டுமானால் உங்கள் வெளிப்படையான சம்மதம் தேவை.

இப்போது போலி. தலையில் வங்கி லோகோ, பக்கத்தில் அசோகச் சின்னம், கீழே ரிசர்வ் வங்கியின் வட்ட முத்திரை. "தங்களுடைய 3,00,000 ரூபாய் கடன் அங்கீகரிக்கப்பட்டது. வட்டி 4 சதவீதம். 36 மாதம். தவணை 8,333. ப்ராசஸிங் ஃபீஸ் 2,500 ரூபாய் செலுத்திய 30 நிமிடத்தில் தொகை வரவு வைக்கப்படும். இக்கட்டணம் கடன் தொகையுடன் திருப்பித் தரப்படும்."

செல்போன் கால்குலேட்டரை எடுங்கள். 8,333-ஐ 36-ஆல் பெருக்கினால் 2,99,988. வாங்கிய மூன்று லட்சத்துக்கும் 12 ரூபாய் குறைவு! நான்கு சதவீத வட்டி என்று எழுதிவிட்டு வட்டியே வாங்காமல் கொடுக்கிறார்கள். நான்கு சதவீதத்துக்குத் தவணை சுமார் 8,857 வர வேண்டும். போலி தயாரிக்கிறவன் கடன் தொகையை மாதத்தால் வகுத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறான், கடனைத் திரும்ப வாங்கும் யோசனையே அவனுக்கு இல்லாததால். எல்லாப் போலிகளும் இவ்வளவு சோம்பலாக இருப்பதில்லை, சிலவற்றில் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் கணக்குத் தப்பாக இருந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை.

லோகோ, முத்திரை, பதிவு எண் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. உண்மையான நிதி நிறுவனத்தின் பெயரும் ரிசர்வ் வங்கிப் பதிவு எண்ணும் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. போலிக் கடிதத்தில் அவற்றையே ஒட்டிவிடுகிறார்கள், நீங்கள் தேடிப் பார்த்தால் "சரியாகத்தான் இருக்கிறது" என்று வரும். ரிசர்வ் வங்கி முத்திரை மட்டும் வேறு வகையில் உதவும். தனிமனிதரின் கடனை ரிசர்வ் வங்கி அங்கீகரிப்பதே இல்லை. அந்த முத்திரை இருப்பதே கடிதம் பொய் என்பதற்குச் சான்று.

வீட்டுக் கடனில் ஏன் முன்பே வாங்குகிறார்கள்?

கடன் கிடைக்காமல் போனாலும் அங்கே செலவு நடந்துவிடுகிறது. வக்கீல் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கிறார், மதிப்பீட்டாளர் நேரில் வருகிறார். கடன் நிராகரிக்கப்பட்டாலும் இவர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அதனால்தான் முடிவு தெரிவதற்கு முன்னாலேயே ஒரு தொகை வாங்கப்படுகிறது, பெரும்பாலும் "திருப்பித் தரப்படாது" என்றே ரசீதிலும் விண்ணப்பத்திலும் அச்சிட்டிருக்கும்.

போலி இதைத் தலைகீழாகச் செய்கிறது. முடிவு வந்துவிட்டது, கடன் பாஸாகிவிட்டது, இனி யாரும் எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பணம் கேட்கிறது, திருப்பித் தருவதாகவும் சொல்கிறது. திருப்பித் தரப்போகிற பணத்தை ஏன் வாங்க வேண்டும்? மூன்று லட்சம் உங்களுக்குத் தரப்போகிறவர் 2,500-ஐ அதிலேயே பிடித்துக்கொள்ளலாமே? என்னைக் கேட்டால், "திருப்பித் தரப்படும்" என்ற சொல்தான் கடிதத்திலேயே பெரிய அடையாளம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக் கடனிலும் சில நிறுவனங்கள் ப்ராசஸிங் ஃபீஸின் மீதியைச் சாங்ஷனுக்குப் பிறகு கேட்கும். அடமானத்தைப் பதிவு செய்ய பதிவுத்துறைக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். அதனால் "எப்போது கேட்டார்கள்" என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பணம் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வங்கிக்குரியது வங்கியின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், அரசுக்குரியது அரசுக்குப் போகும், இரண்டுக்கும் ரசீது வரும்.

இதைச் சரிபார்ப்பது இப்போது எளிது. யு.பி.ஐ.யில் ஐடியைப் போட்டதுமே கணக்குக்காரர் பெயர் திரையில் வரும். 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும்போதும் பணம் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே பார்க்கும் வசதி வந்துவிட்டது. அங்கே தனிமனிதர் பெயரோ, கேள்விப்படாத "எண்டர்பிரைசஸ்" பெயரோ தெரிந்தால் நிறுத்துங்கள். "அது எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் கணக்கு" என்பார்கள். எந்த வங்கியும் தன் வருமானத்தை ஊழியரின் சொந்தக் கணக்கில் வாங்காது.

கேட்டுப் பார்க்கவேண்டிய ஒரே கேள்வி

சந்தேகம் தீரவில்லையென்றால் ஃபோனில் இப்படிச் சொல்லுங்கள்: "கட்டணத்தைக் கடனிலேயே கழித்துக்கொண்டு மீதியைப் போடுங்கள்." பர்சனல் லோன் தரும் அசல் நிறுவனத்துக்கு இது புதிய கோரிக்கையே இல்லை, ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறது. போலியிடம் இதற்குப் பதில் இருக்காது, காரணம்தான் இருக்கும்: "சிஸ்டம் ஏத்துக்காது", "ஆர்.பி.ஐ. ரூல்". அப்படி ஒரு விதி இல்லை.

பணம் கட்டினால் கதை அங்கே முடியாது. 2,500 போனதும் இன்சூரன்ஸ் என்று 8,000 கேட்பார்கள். அதற்குப் பிறகு "கடன் தொகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 54,000" வரும். கடன் தொகைக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது, கட்டணத்துக்குத்தான். அதற்குள் பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்துவிட்டவர், கொடுத்தது வீணாகக் கூடாதே என்று அடுத்ததையும் கொடுப்பார்.

முத்ரா பெயரில் வருவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரதமரின் முத்ரா திட்டத்தில் ஒரு லட்சம் கடன், சரிபார்ப்புக்கும் ப்ராசஸிங்குக்கும் 1,750 ரூபாய் கட்டுங்கள் என்று பரவிய கடிதத்தைப் பொய் என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்தது. முத்ரா நிறுவனம் தனிநபருக்கு நேரடியாகக் கடன் தருவதே இல்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான் தருகின்றன, நீங்கள் போய் விண்ணப்பித்தால்தான் நடக்கும். 50,000 வரையிலான சிசு கடனுக்குப் பெரும்பாலான வங்கிகள் ப்ராசஸிங் ஃபீஸே வாங்குவதில்லை.

கடிதத்துக்கு வெளியே இன்னொரு சோதனை இருக்கிறது. கடன் தருகிறவர் திரும்ப வாங்க வேண்டும், அதனால் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் அந்த நிறுவனத்தின் பெயரும் தேதியும் ரிப்போர்ட்டில் பதிவாகும். சிபில் போன்ற ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். மூன்று லட்சம் "அங்கீகரித்த" நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டைத் தொடவேயில்லை, சம்பளச் சீட்டோ பேங்க் ஸ்டேட்மென்ட்டோ கேட்கவில்லை, ஆதாரும் பான் கார்டும் மட்டும் வாங்கிக்கொண்டது என்றால் அது கடனுக்கான பரிசீலனை அல்ல. உங்கள் சொந்த வங்கியே தரும் முன் அனுமதிக் கடன் இதற்கு விதிவிலக்காகலாம், ஆனால் அது உங்கள் வங்கிச் செயலிக்குள்ளேயே தெரியும்.

வங்கிக்கு ஃபோன் செய்து கேட்பதானால் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குச் செய்யாதீர்கள். பாஸ்புக்கிலோ டெபிட் கார்டின் பின்பக்கத்திலோ இருக்கும் எண் போதும்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், இல்லையென்றால் cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் தகவல் போனால்தான் முடக்கும் வாய்ப்பு இருக்கிறது. உங்கள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். பணம் அனுப்பியதற்கான யு.டி.ஆர். எண், கடிதம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம். சில வாரம் கழித்து "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறிய கட்டணம்தான்" என்று வேறொரு குரல் பேசக்கூடும். அதுவும் இதே கடையின் இன்னொரு கவுண்டர்தான். ஆதார், பான் நகல்களை அனுப்பியிருந்தால், அடுத்த சில மாதங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்து, நீங்கள் வாங்காத கடன் எதுவும் உங்கள் பெயரில் முளைத்திருக்கிறதா என்று கவனியுங்கள்.