பேனலில் 128, கேபிளில் 468: ஒரு இன்டர்ஃபேஸோடு மூன்று வருஷம்

"விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இது. மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பற்றித்தான் கேள்வி; பெட்டி எதுவென்று அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை, இந்தச் சங்கதி பாதி யூ.எஸ்.பி இன்டர்ஃபேஸ்களுக்குப் பொருந்தும். இரண்டு இன்புட், இரண்டு அவுட்புட். பிரீஆம்ப் சுத்தம். நாப் இன்னும் ஆடவில்லை. சண்டை ஒன்றே ஒன்றுதான்: கன்ட்ரோல் பேனலில் இருக்கும் பஃபர் எண், அதாவது கணினி ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் சத்தத்தை எடுத்துக் கையாள்கிறது என்ற கணக்கு.

48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை 128 என்று வைத்தால் பக்கத்திலேயே "2.67 ms" என்று காட்டுகிறது. 128-ஐ 48,000-ஆல் வகுத்தால் அதுதான் விடை, கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது ஒரு பஃபர் நிரம்ப ஆகும் நேரம் மட்டும். மைக்கில் நுழைந்த சத்தம் ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வர, உள்ளே போக ஒரு பஃபர், வெளியே வர ஒரு பஃபர். அதற்கு மேல் ஏ.டி, டி.ஏ கன்வர்ட்டர்கள் தின்னும் நேரம், யூ.எஸ்.பி போக்குவரத்து, பிறகு டிரைவர் எழுதியவர் தன் நிம்மதிக்காகச் சொல்லாமல் சேர்த்து வைத்த உபரிப் பஃபர். கடைசியாகச் சொன்னதுதான் எரிச்சல்.

அளந்து பார்ப்பது சுலபம். லைன் அவுட் 1-லிருந்து லைன் இன் 2-க்கு ஒரு கேபிள். உள்ளே வரும் சத்தத்தை நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் அணைந்திருக்க வேண்டும். ரெக்கார்ட் ஆகும் டிராக்கிலும் மானிட்டரிங் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் வட்டமடித்து ஊளையிடும். ஒரு டிராக்கில் ஒற்றை 'டிக்' வைத்து ஓடவிட்டு, அதை இன்னொரு டிராக்கில் ரெக்கார்ட் செய்யுங்கள். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் `Use audio driver reported latency` என்ற செக்பாக்ஸை முதலில் அணைத்துவிடுங்கள். இப்போது இரண்டு 'டிக்'குகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைச் சாம்பிளில் எண்ணினால் அதுதான் முழுச் சுற்று.

இந்தப் பெட்டியில் 128-க்கு வந்த விடை 468 சாம்பிள், அதாவது 9.75 மில்லி செகண்ட். இரண்டு பஃபருக்கு 256 போக மீதி 212. பஃபரை 64 ஆக்கினால் சுற்று 340, சுமார் 7.1 மில்லி செகண்ட். 256-ல் 724, சுமார் 15.1. 512-ல் 1236, சுமார் 25.8. எந்த அளவிலும் அந்த 212 அசையவில்லை.

நண்பருக்குச் சொல்ல வேண்டியதே இதில்தான் இருக்கிறது. பஃபரைப் பாதியாக்கினால் தாமதமும் பாதியாகும் என்று நினைக்கிறோம். 128-லிருந்து 64-க்கு இறங்கினால் 9.75-ல் 2.67 மட்டும் குறைகிறது. கணினிக்கோ கெடு முழுசாகப் பாதியாகிவிடுகிறது. லாபம் கால்வாசி, நெருக்கடி இரட்டிப்பு. இந்தப் பெட்டியில் 64 என்பது வீம்பு.

கெடு என்று ஏன் சொல்கிறேன்? 128-ல் கணினி ஒரு செகண்டுக்கு 375 தடவை, ஒவ்வொரு தடவையும் 2.67 மில்லி செகண்டுக்குள், அடுத்த துண்டைத் தயார் செய்து கொடுக்க வேண்டும். நான்கு நிமிஷப் பாட்டுக்கு 90,000 தடவை. அதில் 89,999 சரியாக வந்து ஒன்று பிந்தினாலும் அந்த இடத்தில் 'டப்' என்று கேட்கும். அடுத்தடுத்துப் பல பிந்தினால் சடசடப்பு. இன்னும் மோசமானால் சத்தமே அறுந்து திரும்பி வரும். மென்பொருளின் சிபியு மீட்டர் 35 சதவீதம் என்று அமைதியாகக் காட்டுவதும், காதில் டப் டப் என்று கேட்பதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான். மீட்டர் சராசரியைச் சொல்கிறது, சராசரி எவ்வளவு குறைந்தாலும் பிந்திய அந்த ஒரு துண்டு வந்து சேராது.

இந்தப் பெட்டி முதல் ஒரு வருஷம் வாங்கிய திட்டு பெரும்பாலும் அநியாயம். விண்டோஸ் லேப்டாப், 128, சில செகண்டுக்கு ஒரு 'டப்'. கேபிள் மாற்றினாலும் அதே, யூ.எஸ்.பி போர்ட் மாற்றினாலும் அதே. கடைசியில், எந்த டிரைவர் பிராசஸரைப் பிடித்துவைக்கிறது என்று காட்டும் LatencyMon ஓட்டிப் பார்த்தால் உச்சத்தில் `ndis.sys`, ஏறக்குறைய 3 மில்லி செகண்ட். அது நெட்வொர்க் பக்கம். வைஃபை டிரைவர் அவ்வப்போது பிராசஸரைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது. கணக்குப் போட்டால் குற்றவாளி தெரிந்துவிடும். 2.67-ல் 35 சதவீதம் சுமார் 0.93. அதோடு அந்த 3 சேர்ந்தால் 3.93, கெடு தாண்டியாயிற்று. 256-ல் கெடு 5.33, பாட்டின் வேலை 1.87, அதோடு 3 சேர்ந்தால் 4.87. நூலிழையில் தப்புகிறது. "256-ல் வைத்தால் சரியாகிவிடும்" என்று எல்லோரும் சொல்வது பலிப்பதும் இதனால்தான், பாட்டில் இரண்டு பிளகின் கூடினால் மறுபடி டப் என்று கேட்பதும் இதனால்தான்.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரை Disable செய்ததும் 128 சுத்தமாக ஓடியது. டாஸ்க்பாரில் வைஃபை பட்டனை அணைப்பது போதவில்லை, டிரைவரையே நிறுத்த வேண்டியிருந்தது. பவர் பிளானை உயர் செயல்திறனுக்கு மாற்றியதில் மீதியிருந்த ஓரிரண்டு டப்பும் போயிற்று; சும்மா இருக்கும்போது பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வேலை வந்ததும் ஏறிவரும் அந்த இடைவெளியே சில சமயம் 2.67-ஐத் தாண்டிவிடும்.

எல்லாச் சடசடப்பும் பஃபர் சமாச்சாரம் இல்லை. பஃபரை 1024-க்கு ஏற்றிப் பாருங்கள். சத்தம் மறைந்தால் அல்லது வெகுவாகக் குறைந்தால் கெடு தவறியதுதான். கடிகாரம் போல ஒரே இடைவெளியில் டிக் டிக் என்று மாறாமல் நின்றால் சாம்பிள் ரேட் பொருந்தவில்லை, அல்லது டிஜிட்டல் இன்புட்டில் இரண்டு கருவிகள் ஆளுக்கொரு கிளாக்கில் ஓடுகின்றன. பாட்டு உரக்கப் போகும் இடத்தில் மட்டும் கேட்டால் அது கிளிப்பிங், கெயினைக் குறையுங்கள். இன்னொன்று முக்கியம்: பிளேபேக்கில் கேட்கும் டப், எக்ஸ்போர்ட் செய்த ஃபைலில் இருக்காது, ஏனென்றால் அங்கே கெடுவே கிடையாது. ரெக்கார்ட் ஆகும்போது விழுந்த டப் அப்படியில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் செங்குத்தாக ஒரு வெட்டு தெரியும். அந்தச் சாம்பிள்கள் வந்து சேரவே இல்லை; பிறகு பஃபரை எவ்வளவு ஏற்றினாலும் திரும்பாது. அந்த டேக்கை மறுபடி பாட வேண்டியதுதான்.

சரி, 9.75 மில்லி செகண்ட் யாருக்குத் தொந்தரவு? சத்தம் காற்றில் ஒரு மில்லி செகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. ஆம்ப்பிலிருந்து மூன்றேகால் மீட்டர் தள்ளி நிற்கும் கிட்டாரிஸ்ட் இதே தாமதத்தோடுதான் வாசிக்கிறார், முணுமுணுப்பதில்லை. பாடகர் கதை வேறு. அவர் குரல் மண்டையோட்டு வழியாக அவருக்கு உடனே கேட்டுவிடுகிறது, ஹெட்ஃபோனில் அதே குரல் பின்னால் வந்து மோதுகிறது. இரண்டும் கலந்து குழாய்க்குள் பாடுவது போல ஆகிவிடும். பஃபரைக் குறைத்துக் குறைத்து இதைத் தீர்க்கப் பார்ப்பது, இந்தப் பெட்டியில், நடக்காத காரியம். அந்த 212 எங்கும் போகாது.

இங்கேதான் இந்தப் பெட்டி மனசைக் கவர்ந்தது. முன்பக்கம் இருக்கும் டைரக்ட் மானிட்டர் நாப். மைக் சத்தம் கணினிக்குள் போகாமலேயே ஹெட்ஃபோனுக்கு வருகிறது, தாமதம் காதுக்குத் தெரியாது. பஃபரை 512-ல் வைத்துவிட்டு நிம்மதியாகப் பாட வைக்கலாம், வைஃபை ஓடினால்கூடக் கவலையில்லை. மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை மட்டும் அணைக்க மறக்கக் கூடாது. மறந்தால் குரல் இரண்டாகக் கேட்கும்.

"ரிவெர்ப் இல்லாமல் பாட வரவில்லை" என்கிறவர்களுக்கும் வழி உண்டு. மானிட்டரிங்கை ஆன் செய்து, அந்த டிராக்கில் ரிவெர்ப் ஒன்றை மட்டும் போட்டு, நேர்க்குரலான dry-ஐ முழுக்க மூடி, எதிரொலியான wet-ஐ மட்டும் திறந்துவிடுங்கள். நேர்க்குரல் பெட்டியிலிருந்து உடனே வரும், எதிரொலி மட்டும் 26 மில்லி செகண்ட் பிந்தி வரும். எதிரொலி பிந்தி வந்தால் யாருக்கு என்ன? ரிவெர்பில் பிரீடிலே வைத்தது போலவே இருக்கும். ரெக்கார்ட் ஆவது எஃபெக்ட் இல்லாத குரல்தான்.

கிட்டாரை ஆம்ப் பிளகின் வழியாக வாசிப்பவருக்கு இந்த வசதி உதவாது, அவர் கேட்க வேண்டியதே கணினி செய்த சத்தம். அவருக்கு 128 வேண்டும். ரெக்கார்டுக்குத் தயாராக நிற்கும் டிராக்கின் பிளகின்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பொதுவாக ஒரே கோரில் ஓடும். மீதிக் கோர்கள் சும்மா இருந்தும் பயனில்லை. அதனால் மற்ற டிராக்குகளை ஃப்ரீஸ் செய்வதைவிட, இந்த ஒரு டிராக்கின் சங்கிலியை இளைக்க வைப்பதுதான் முதல் வேலை. மாஸ்டரில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ உட்கார்ந்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அது 2048 சாம்பிள் கேட்கும் வகையாக இருந்தால் அதற்கே 42.7 மில்லி செகண்ட் போய்விடும், பஃபரை 32-க்கு இறக்கினாலும் அதில் ஒரு சாம்பிள் குறையாது.

கடைசியாக ஒரு வம்பு. டிரைவர் தன் தாமதம் 396 சாம்பிள் என்று மென்பொருளிடம் அறிவிக்கிறது. கேபிளில் அளந்தது 468. இந்த 72 சாம்பிள், ஒன்றரை மில்லி செகண்ட், நாம் ரெக்கார்ட் செய்யும் ஒவ்வொரு டிராக்கும் பிந்தி உட்காருகிறது. ஒரு அடுக்கில் தெரியாது. முதல் டிராக்கைக் கேட்டு இரண்டாவது, இரண்டாவதை மட்டும் கேட்டு மூன்றாவது என்று போனால் கூடிக்கொண்டே வரும். ஐந்தாவதில் தாளம் சோம்பலாகத் தொனிக்கும், வாசித்தவர் மேல் பழி விழும். ரீப்பரில் முதலில் அணைத்த செக்பாக்ஸைத் திரும்ப ஆன் செய்து, `Input manual offset`-ல் 72 சாம்பிள் கொடுத்து, கேபிள் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். இடைவெளி பூஜ்யமானால் சரி, 144 ஆனால் 72-க்கு முன் மைனஸ் குறி போடுங்கள்.

மூன்று வருஷத்தில் இரண்டு டிரைவர் அப்டேட் வந்தது. இரண்டிலும் பேனலின் நிறம் மாறியது. 72 அப்படியே இருக்கிறது.

குரல் மட்டும் ரெக்கார்ட் செய்கிற நண்பருக்கு இந்த விலையில் இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம், வாங்கிக்கொள்ளட்டும். நான் மறுபடி வாங்குவேனா என்றால், மாட்டேன்.