போர்வையா, மைக்கின் தூரமா, மென்பொருளா?

திருகோணமலை உவர்மலையில் உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் பாடங்களைப் பதிந்து பிள்ளைகளுக்கு அனுப்பத் தொடங்கினார். முதலில் வந்த முறைப்பாடு, "கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு ரீச்சர்." அறையைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, மேலே கொங்கிரீட், கீழே டைல்ஸ், சுற்றிவர சீமெந்துச் சுவர். ஒருதரம் கை தட்டினால் ஓசை அடங்க இரண்டு விநாடி பிடிக்கும். ஃபோனோ மூன்றடி தள்ளி நின்றது.

"தம்பி, கம்பளிப் போர்வை கட்டட்டா, மைக் வாங்கட்டா, இல்லாட்டி கம்ப்யூட்டரில சுத்தம் செய்யலாமா?" என்று கேட்டார். மூன்றையும் ஒரே பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்த்தோம்.

முதலில் ஒரு விஷயம். மைக்குக்கு இரண்டு குரல் போகிறது. ஒன்று வாயிலிருந்து நேரே வருவது. மற்றது சுவர்களில் பட்டுத் திரும்பி அறை முழுக்கப் பரவி நிற்பது. பரவி நிற்கும் சத்தம் மைக்கை அறையில் எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நேரே வரும் குரல் மட்டும் தூரம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல் கூடும். அந்த அறையைக் கணக்குப் பார்த்தால் இரண்டும் சமமாகும் தூரம் ஓர் அடிக்கும் குறைவு. மூன்றடியில் இருந்த ஃபோன் ரீச்சரை விட அறையைத்தான் கூடுதலாகப் பதிந்திருக்கிறது.

காலர் மைக் ஒன்றைச் சேலையில் குத்தினோம், வாயிலிருந்து அரையடி கீழே. மூன்றடி அரையடி ஆனால் தூரம் ஆறில் ஒரு பங்கு. நேர்க்குரல் 15 டெசிபெலுக்கு மேல் முன்னுக்கு வரும். கிணறு அந்த இடத்திலேயே காணாமல் போனது. பலகையில் எழுதத் திரும்பினாலும் மைக் கூடவே திரும்பும், அதுவும் ஒரு வசதி. சிக்கல் வேறு இடத்தில் வந்தது: சேலைத் தலைப்பு உரசும் சத்தமும் தாலிக்கொடி மைக்கில் தட்டும் சத்தமும். மைக்கைத் தோள்பட்டைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி, வயரில் ஒரு சிறு வளையம் விட்டு ஊசியால் குத்தியதும் அது தீர்ந்தது.

போர்வை இவ்வளவு தருமா? அறையின் உறிஞ்சும் திறனை இரட்டிப்பாக்கினால் பரவும் சத்தம் 3 டெசிபெல்தான் குறையும். இரண்டு தடித்த கம்பளிகள் அந்த வெற்று அறையில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்யும். மைக் தந்த 15 டெசிபெலைப் போர்வையால் மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் முப்பது மடங்குக்கு மேல் உறிஞ்ச வேண்டும். அறையில் அத்தனை சுவர் கிடையாது. ஆனாலும் அதை நான் தள்ளிவிடவில்லை. ஓசை அடங்க இழுக்கும் வால் இரண்டு விநாடியிலிருந்து ஒன்றாகச் சுருங்கும், காதுக்கு அது தெரியும். அடுத்தடுத்த இரண்டு சுவரில் ஒவ்வொன்று, அதில் ஒன்று பேசும்போது முகம் பார்க்கும் சுவர். சுவரோடு ஒட்டாமல் கொடிக்கயிற்றில் நாலு அங்குலம் தள்ளித் தொங்க வேண்டும். மெல்லிய பெட்ஷீட்டில் பிரயோசனம் இல்லை: அது கீச்சுப் பகுதியை மட்டும் விழுங்கி, அடித்தொனியை அப்படியே விடும், குரல் பெட்டிக்குள் அடைத்த மாதிரியாகும். திருகோணமலையில் கம்பளி தேடுவதை விட, வீட்டில் இருக்கும் தடித்த மெத்தையை நிமிர்த்தி வைப்பது சுலபம், பலனும் கூட.

மென்பொருளைத்தான் எல்லாரும் முதலில் நம்புகிறார்கள். Audacity-யின் Noise Reduction ஒரே சீரான சத்தத்தைக் கழிக்கும் கருவி. ஃபேன் இரைச்சல் அதற்கு நல்ல இரை ("ஃபேனை நிப்பாட்டினா நான் படிப்பிக்க மாட்டன்" என்று ரீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார்). பேசத் தொடங்க முன் இரண்டு மூன்று விநாடி சும்மா இருந்து, அந்தத் துண்டைத் தெரிவு செய்து Get Noise Profile கொடுத்து, பிறகு முழுவதையும் தெரிவு செய்து 6 முதல் 12 டெசிபெல் வரை குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் சொற்களின் ஓரத்தில் தண்ணீருக்குள் பேசுவது போல ஒரு குளறல் வரும்.

எதிரொலியிடம் இது தோற்கும். எதிரொலி அவருடைய குரலின் பிரதிதான், அந்தக் குரலோடேயே ஏறி இறங்குகிறது. எதைக் கழிப்பது என்று கருவிக்குத் தெரியாது. மூன்றடிப் பதிவில் இதைப் போட்டபோது ஃபேன் போனது, கிணறு முன்னை விடத் தெளிவாகக் கேட்டது! சத்தத்தைச் சமப்படுத்தும் Compressor-ஐ அதன்மேல் போட்டால் இன்னும் மோசம், மெல்லிய வால்களைத்தான் அது தூக்கிவிடும்.

ஆகவே ரீச்சர் மைக்கை வாங்கினார், மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தினார், ஃபேனுக்கு மட்டும் மென்பொருளை வைத்துக்கொண்டார். கம்பளிக்கு வைத்த காசு மிச்சம். ஜன்னலுக்கு வெளியே கரையும் காகத்துக்கு மூன்றிலும் மருந்தில்லை. அது கத்தினால் அந்த வசனத்தைத் திரும்பச் சொல்கிறார்.